திரீ சம் கணக்கில் முதலில் வரிசைப்படுத்துவது ஏன்: வகுப்பில் படிப்படியாக விளக்கும் வழி

கல்லடியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். கூட்டினால் 0 வரும் மூன்று எண்களைப் பட்டியலில் தேடும் திரீ சம் கணக்கை நடத்தும்போது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தடங்கல் வருகிறது. நிரலை எழுதிவிடுவார்கள், ஓடும், விடையும் சரியாக இருக்கும். "ஏன் முதலில் வரிசைப்படுத்தினீங்க?" என்று கேட்டால், "அப்பத்தான் ஒரே விடை திரும்ப வராது, சேர்" என்பார்கள். "வரிசைப்படுத்தினால் ஏன் திரும்ப வராது?" என்று அடுத்ததாகக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

அந்த அமைதிக்குக் காரணம் உண்டு. வரிசைப்படுத்துவது மட்டும் திரும்ப வருவதை நிறுத்துவதில்லை. நிறுத்துவதற்கான வழியை அது திறந்துவிடுகிறது, நிறுத்துகிற வேலையை அதற்குப் பின் வரும் இரண்டு சிறிய நிபந்தனைகள் செய்கின்றன. அவை எங்கே நிற்க வேண்டும், எதனுடன் ஒப்பிட வேண்டும் என்பதில்தான் பிள்ளைகள் தவறுகிறார்கள். நான் வகுப்பில் போகும் ஒழுங்கிலேயே இதை எழுதுகிறேன்.

கணக்கு இதுதான். முழு எண்களின் பட்டியல் ஒன்று தரப்படும். அதில் மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்கும் எண்களை எடுத்துக் கூட்டினால் 0 வர வேண்டும். அப்படி வரும் எல்லா மும்மைகளையும் எழுத வேண்டும், ஒரே மும்மையை இரண்டு தடவை எழுதக் கூடாது. மும்மைக்குள் எண்கள் எந்த ஒழுங்கில் நின்றாலும் அது ஒரே மும்மைதான்.

## 1. வகுப்புக்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

கணினி முதல் அரை மணி நேரத்துக்குத் தேவையில்லை. பழைய கலண்டர் தாளை வெட்டி எட்டுத் துண்டு எடுங்கள். பின்பக்கத்தில் பெரிதாக இந்த எண்களை எழுதுங்கள்: 2, -1, 0, -1, 2, -4, 1, 2. இதே ஒழுங்கில் ஒரு வாங்கின் மேல் அடுக்கி வையுங்கள்.

ஒவ்வொரு துண்டின் மூலையிலும் அதன் இட எண்ணைச் சின்னதாக எழுதுங்கள், 0 முதல் 7 வரை. இதை விட்டுவிட வேண்டாம். இரண்டு -1 இருக்கின்றன, மூன்று 2 இருக்கின்றன. எந்த -1 ஐ எடுத்தோம் என்று சொல்ல முடியாவிட்டால் பின்னால் வரும் விளக்கம் முழுவதும் குழம்பிவிடும்.

பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை மிகக் குறைவு: பைதன் பட்டியலில் இட எண் 0 இலிருந்து தொடங்கும் என்பது, `for`, `while` இரண்டும், `continue`, `break` என்ன செய்யும் என்பது. வரிசைப்படுத்தும் படிமுறை உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. குமிழி வரிசைப்படுத்தலை நடத்திய கையோடு இதற்கு வந்தால், சில பிள்ளைகள் அதையே முழுதாக எழுதத் தொடங்கி நேரத்தைத் தொலைக்கிறார்கள். `sorted` போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

## 2. வரிசைப்படுத்தாமல் கையால் தேட விடுங்கள்

முதலில் பிரச்சினையைப் பார்க்கட்டும். ஒரு பிள்ளையை வாங்குக்கு வரச் சொல்லி, இடமிருந்து வலமாக ஒரு துண்டு, அதற்கு வலப்பக்கம் ஒன்று, அதற்கும் வலப்பக்கம் இன்னொன்று என்று எடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். 0 வந்தால் இட எண்ணோடு பலகையில் எழுத வேண்டும். மொத்தம் 56 தெரிவுகள் உண்டு. மூன்று குழுவாகப் பிரித்துக் கொடுத்தால் சீக்கிரம் முடியும்.

எட்டு வரி கிடைக்கும்:

```
இடங்கள்      எண்கள்
0, 1, 3      2, -1, -1
0, 4, 5      2, 2, -4
0, 5, 7      2, -4, 2
1, 2, 6      -1, 0, 1
1, 3, 4      -1, -1, 2
1, 3, 7      -1, -1, 2
2, 3, 6      0, -1, 1
4, 5, 7      2, -4, 2
```

இடங்களைப் பார்த்தால் எட்டும் வேறு வேறு. ஆகவே இதே தேடலை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று லூப் போட்டுச் செய்யும் நிரலுக்கு எட்டும் வேறு வேறு விடைதான். கணினிக்கு இதில் பிழை எதுவும் தெரியாது. பிள்ளைகளுக்கு இது விளங்குவது முக்கியம்: எந்த இடத்தையும் நாம் இரண்டு தடவை எடுக்கவில்லை, ஆனாலும் விடை திரும்ப வந்திருக்கிறது.

## 3. திரும்ப வருவதற்கு இரண்டு காரணம், இரண்டையும் பிரியுங்கள்

எட்டு வரியையும் ஒத்தவை ஒத்தவையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மூன்று குவியல் வரும். -4, 2, 2 மூன்று தடவை. -1, -1, 2 மூன்று தடவை. -1, 0, 1 இரண்டு தடவை. உண்மையான விடை மூன்று மும்மைகள்தான்.

அடுத்து, குவியலுக்குள் இருப்பவை ஏன் திரும்ப வந்தன என்று கேளுங்கள். 1, 3, 4 என்ற இடங்களும் 1, 3, 7 என்ற இடங்களும் தந்த இரண்டு வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பட்டியலில் 2 பல இடங்களில் இருப்பதால் வந்தது அது. இதை நான் "சம எண் பிரச்சினை" என்று பலகையில் எழுதுவேன்.

0, 1, 3 தந்த வரி வேறு மாதிரி. 2, -1, -1 என்று இருக்கிறது. அதே மும்மைதான், உள்ளே ஒழுங்கு மாறியிருக்கிறது. இது "ஒழுங்குப் பிரச்சினை".

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் பிள்ளைக்குத்தான் பின்னால் நிரலில் எந்த வரி எதற்காக நிற்கிறது என்று தெரியாமல் போகிறது. இரண்டு பெயரையும் பலகையின் இரண்டு பக்கத்தில் எழுதி, வகுப்பு முடியும் வரை அழிக்காமல் வையுங்கள். ஒவ்வொரு படியிலும் "இப்ப எது தீர்ந்தது?" என்று திரும்பிக் கேட்கலாம்.

## 4. `set` போட்டால் சரியாகிவிடாதா என்ற கேள்வி

இந்தக் கட்டத்தில் யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும்: "சேர், விடையை ஒரு `set` இல போட்டா ஒரே மாதிரி இருக்கிறது தானாப் போயிரும்தானே?" நல்ல கேள்வி, தள்ளிவிடாதீர்கள். செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

எட்டு வரியையும் `set` இல் போட்டால் ஆறு மிஞ்சும். எழுத்துக்கு எழுத்து ஒத்தவை மட்டும் போயின. 2, -4, 2 இரண்டில் ஒன்று போயிற்று, -1, -1, 2 இரண்டில் ஒன்று போயிற்று. ஆனால் 2, 2, -4 உம் 2, -4, 2 உம் இரண்டும் நிற்கின்றன. `set` சம எண் பிரச்சினையைத் தீர்த்தது, ஒழுங்குப் பிரச்சினையைத் தொடவில்லை.

அடுத்து எட்டுத் துண்டையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, அதே மூன்று லூப் தேடலைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். மறுபடியும் எட்டு வரிதான் வரும். குறையவில்லை! இதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும், "வரிசைப்படுத்தினால் திரும்ப வராது" என்று மனப்பாடம் செய்தது இங்கேதான் உடையும். ஆனால் இப்போது -4, 2, 2 மூன்று தடவையும் அதே ஒழுங்கிலேயே வந்திருக்கும். `set` இல் போட்டால் மூன்று மிஞ்சும், சரியான விடை.

அப்படியானால் வரிசைப்படுத்திவிட்டு `set` போட்டால் போதும்தானே? விடை சரியாக வரும். சிக்கல், கண்டுபிடித்துவிட்டு எறிவதில் இருக்கிறது. 1000 பூச்சியம் உள்ள பட்டியலை நினைத்துப் பாருங்கள். மூன்று லூப் 166,167,000 மும்மைகளைக் கண்டுபிடிக்கும், எல்லாமே 0, 0, 0. ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சம் அத்தனையையும் எறிய வேண்டும். நாம் தேடுவது, திரும்ப வரும் இடத்துக்குள் போகாமலே தாண்டிவிடும் வழி. எங்கே தாண்டுவது என்று தெரிய வேண்டுமென்றால், சம எண்கள் எங்கே நிற்கின்றன என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

## 5. வரிசைப்படுத்தினால் கிடைக்கும் இரண்டு வசதி

வாங்கின் மேல் இப்போது இப்படி இருக்கும். இட எண்களைப் புதிதாக எழுதுங்கள், பழையவை இனி உதவாது.

```
இடம்   0   1   2   3   4   5   6   7
எண்   -4  -1  -1   0   1   2   2   2
```

முதல் வசதி ஒழுங்கைப் பற்றியது. நாம் எப்போதும் இடமிருந்து வலமாக மட்டுமே எடுக்கிறோம். பட்டியல் சிறியதிலிருந்து பெரியதாக நிற்பதால், எடுக்கும் மும்மையும் சிறியது, நடு, பெரியது என்றுதான் வரும். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தி, முன்னிருந்து பின்னாக மூன்று பேரைக் கூப்பிட்டால், வரும் மூவரும் உயர ஒழுங்கில்தான் நிற்பார்கள், வேறு விதமாக நிற்க வழியில்லை. 2, -4, 2 என்று ஒரு விடை இனிப் பிறக்கவே முடியாது. ஒழுங்குப் பிரச்சினை இத்தோடு தீர்ந்தது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாவது எண்ணைத் தேடும்போது முதல் எண்ணுக்கு வலப்பக்கமிருந்துதான் தொடங்க வேண்டும். நிரலில் `L = i + 1` என்று நிற்பது இதற்காக. "எல்லா எண்ணையும் பார்க்கத்தானே வேணும்" என்று நினைத்து `L = 0` என்று எழுதும் பிள்ளை, வரிசைப்படுத்தியதால் கிடைத்த முதல் வசதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. போதாததற்கு ஒரே துண்டையே இரண்டு தடவை எடுக்கவும் வழி விடுகிறது.

இரண்டாவது வசதி சம எண்களைப் பற்றியது. -1 இரண்டும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, 2 மூன்றும் அப்படியே. "இந்த எண்ணை ஏற்கனவே பார்த்தேனா?" என்ற கேள்விக்கு முன்பு பட்டியல் முழுவதையும் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு இடம் பின்னால் பார்த்தால் போதும். அங்கே அதே எண் இல்லையென்றால் வேறெங்கும் முன்னால் இருந்திருக்க முடியாது.

சம எண் பிரச்சினை இதனால் இன்னும் தீரவில்லை. தீர்ப்பதற்கு ஒரு ஒப்பீடு போதும் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

## 6. ஒரு பேனை, இரண்டு விரல்

தேடலை இப்போது மாற்றுவோம். ஒரு பிள்ளை பேனையை ஒரு துண்டின் மேல் வைக்கும். இதுதான் `i`, மும்மையின் மிகச் சிறிய எண். இடக்கை விரலைப் பேனைக்கு அடுத்த துண்டிலும் (`L`) வலக்கை விரலைக் கடைசித் துண்டிலும் (`R`) வைக்கட்டும். மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். தொகை 0 ஐ விடக் குறைந்தால் இடது விரல் ஒரு இடம் வலப்பக்கம் போகும். கூடினால் வலது விரல் ஒரு இடம் இடப்பக்கம் வரும். சரியாக 0 என்றால் எழுதிக்கொண்டு இரண்டு விரலையும் உள்ளே நகர்த்த வேண்டும். விரல்கள் சந்தித்தால் பேனை அடுத்த துண்டுக்குப் போகும்.

விரலை நகர்த்தினால் நல்ல விடை ஏதாவது விடுபடாதா என்று கேட்பார்கள். தொகை குறைவாக இருக்கும்போது இடது விரலின் எண்ணோடு, மிஞ்சியிருப்பவற்றில் ஆகப் பெரியதைத்தான் சேர்த்திருக்கிறோம். அதோடும் போதவில்லையென்றால் வேறு எதோடும் போதாது. அதனால் அந்த எண்ணைப் பயமில்லாமல் விடலாம். வலது பக்கத்துக்கும் இதே நியாயம்தான்.

பேனை 0 ஆம் இடத்தில், அதாவது -4 இல். இடது விரல் -1, -1, 0, 1 எல்லாவற்றையும் கடந்து 5 ஆம் இடத்து 2 க்கு வரும்போது -4, 2, 2 கிடைக்கிறது. விரல்களை உள்ளே நகர்த்தினால் இரண்டும் 6 இல் சந்திக்கின்றன. முடிந்தது.

பேனை 1 ஆம் இடத்தில், முதல் -1 இல். இடது விரல் 2 ஆம் இடத்து -1, வலது விரல் 7 ஆம் இடத்து 2. உடனே -1, -1, 2. விரல்கள் 3, 6 க்கு வருகின்றன. -1 உம் 0 உம் 2 உம் கூடினால் 1, அதிகம். வலது விரல் 5 க்கு வருகிறது, அங்கும் 2 தான், இன்னும் அதிகம். 4 க்கு வந்தால் -1, 0, 1. எழுதிக்கொள்கிறோம்.

மூன்று விடையும் கிடைத்துவிட்டது. அடுத்த நகர்வில்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள்.

## 7. இரண்டாவது -1 இல் பேனை வைக்கலாமா?

வைத்துப் பார்க்க விடுங்கள். பேனை 2 ஆம் இடம், இடது விரல் 3, வலது விரல் 7. வலது விரல் 2 மூன்றையும் கடந்து 4 ஆம் இடத்துக்கு வரும், -1, 0, 1 மறுபடியும் கிடைக்கும். பலகையில் நான்காவது வரி, ஏற்கனவே உள்ளது.

ஏன் என்று இப்போது பார்ப்போம். இந்த விளக்கத்தை நான் ஒருபோதும் அவசரப்பட்டுச் சொல்வதில்லை. முதல் -1 இல் பேனை இருந்தபோது அதற்கு வலப்பக்கம் இருந்த துண்டுகளை ஒரு பிள்ளை கையால் மூடிக் காட்டட்டும்: -1, 0, 1, 2, 2, 2. இரண்டாவது -1 இல் பேனை இருக்கும்போது வலப்பக்கம் இருப்பவை 0, 1, 2, 2, 2. இரண்டாவது கூட்டம் முழுவதும் முதல் கூட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. பேனை நிற்கும் எண் இரண்டு தடவையும் -1 தான். ஆகவே இரண்டாவது -1 கண்டுபிடிக்கக்கூடிய எதையும் முதல் -1 ஏற்கனவே கண்டுபிடித்திருக்கும். புதிதாக ஒன்றும் வராது. தாண்டலாம்.

திருப்பிச் சொல்ல முடியாது என்பதையும் உடனே காட்டுங்கள். முதல் -1 க்குக் கிடைத்த ஒன்று இரண்டாவதற்குக் கிடைக்காது: தன் பக்கத்து -1. அதை வைத்துத்தான் -1, -1, 2 வந்தது. இரண்டாவது -1 க்கு வலப்பக்கம் வேறு -1 இல்லை.

அதனால் சம எண்கள் கூட்டமாக நின்றால் முதலாவதில் பேனையை வைத்து, மற்றவற்றைத் தாண்ட வேண்டும். நிரலில் இது பின்னால் பார்க்கும் ஒப்பீடாக வருகிறது:

```python
if i > 0 and a[i] == a[i - 1]:
    continue
```

"நான் இப்ப நிற்கும் எண், எனக்கு முன்னால் பார்த்த எண்ணா? அப்படியென்றால் விடு." கூட்டத்தில் முதலாவதாக நிற்பதற்கு முன்னால் வேறு எண்தான் இருக்கும், ஆகவே அது தாண்டப்படாது.

நான் திருத்தும் கொப்பிகளில் அதிகம் காணும் பிழை இந்த வரியில்தான். `a[i] == a[i + 1]` என்று எழுதுவார்கள். படிக்கும்போது இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், "சமமாக இருந்தால் விடு" என்பதுதானே. ஆனால் இப்போது முதல் -1 தாண்டப்பட்டு, கடைசி -1 இல் பேனை நிற்கிறது. திரும்ப வருவது நின்றுவிடும், ஆனால் -1, -1, 2 காணாமல் போய்விடும். விடையில் இரண்டு வரிதான் இருக்கும், இரண்டும் சரியான வரிகள். பிழைச் செய்தி ஒன்றும் வராது. எண்ணிக்கையைச் சரிபார்க்காத பிள்ளை இதைப் பிடிக்கவே மாட்டாது.

இந்தப் பிழையை மனதில் வைத்துத்தான் எட்டுத் துண்டுகளையும் தெரிந்தேன். ஒரு எண்ணை இரண்டு தடவை பயன்படுத்தும் விடை இல்லாத பட்டியலைக் கொடுத்தால், முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் ஒரே விடை வரும், பிழை மறைந்துவிடும்.

## 8. இடது விரலும் தாண்ட வேண்டும்

எட்டுத் துண்டை இப்போது ஒதுக்கி வையுங்கள், இந்தப் படிக்கு அது உதவாது. மூன்று 2 மட்டும் இருப்பதால் -4, 2, 2 கிடைத்தவுடன் விரல்கள் நடு 2 இல் சந்தித்துவிடுகின்றன, திரும்ப வர இடமே இல்லை. புதிதாக ஐந்து துண்டு எடுங்கள்: -2, 0, 0, 2, 2.

பேனை -2 இல். இடது விரல் முதல் 0, வலது விரல் கடைசி 2. -2, 0, 2 கிடைத்தது. இரண்டு விரலையும் உள்ளே நகர்த்தினால் இடது விரல் இரண்டாவது 0 இலும் வலது விரல் முதல் 2 இலும் நிற்கும். மறுபடியும் -2, 0, 2. பேனை அசையவே இல்லை, ஆகவே 7 ஆம் படியின் நிபந்தனை இதைத் தடுக்காது.

தீர்வு: விடையை எழுதிய பிறகு, இடது விரல் இருக்கும் எண் அதற்கு முன்னால் இருந்த அதே எண்ணாக இருக்கும் வரை நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

வலது விரலுக்கும் அப்படி ஒரு லூப் வேண்டுமா? பல பிள்ளைகள் இரண்டுக்கும் எழுதுகிறார்கள். எழுதினால் பிழையில்லை, ஆனால் தேவையில்லை, ஏன் தேவையில்லை என்று தெரிந்திருப்பது நல்லது. பேனையின் எண்ணும் இடது விரலின் எண்ணும் முடிவானால், வலது எண் எதுவாக இருக்க வேண்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது. பேனை -2, இடது 0 என்றால் வலது 2 ஆகத்தான் இருக்க முடியும். ஆகவே ஒவ்வொரு இடது எண்ணுக்கும் ஒரு விடைக்கு மேல் இல்லை. இடது எண் திரும்ப வராமல் பார்த்துக்கொண்டால் மும்மையும் திரும்ப வராது. இடது விரல் பெரிய எண்ணுக்குப் போன பிறகு வலது விரல் பழைய 2 இலேயே நின்றால், தொகை 0 ஐத் தாண்டும், வலது விரல் தானாக நகரும்.

இந்தத் தாண்டலை எழுதும் இடமும் முக்கியம். விடையை எழுதிய பிறகுதான் தாண்ட வேண்டும். கூட்டிப் பார்ப்பதற்கு முன்பே "அடுத்ததும் இதே எண்ணா, அப்ப நகரு" என்று எழுதினால், எட்டுத் துண்டில் இடது விரல் முதல் 2 இலிருந்து வழுக்கிப் போய் வலது விரலோடு முட்டிவிடும், -4, 2, 2 போய்விடும். 7 ஆம் படியில் பேனைக்கு நடந்த அதே இழப்பு இங்கே விரலுக்கு நடக்கிறது.

## 9. இப்போது கணினிக்கு

இவ்வளவும் கையால் செய்த பிள்ளைக்கு நிரலில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், பலகையில் எழுதிய இரண்டு பிரச்சினையில் எது தீர்கிறது என்று கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள்.

```python
def moondru(a):
    a = sorted(a)
    n = len(a)
    vidai = []
    for i in range(n - 2):
        if a[i] > 0:
            break
        if i > 0 and a[i] == a[i - 1]:
            continue
        L = i + 1
        R = n - 1
        while L < R:
            s = a[i] + a[L] + a[R]
            if s < 0:
                L += 1
            elif s > 0:
                R -= 1
            else:
                vidai.append((a[i], a[L], a[R]))
                L += 1
                R -= 1
                while L < R and a[L] == a[L - 1]:
                    L += 1
    return vidai
```

`a[i] > 0` என்ற வரி திரும்ப வருவதோடு சம்பந்தப்பட்டதில்லை. பேனை மிகச் சிறிய எண்ணில் நிற்கிறது. அதுவே 0 க்கு மேல் என்றால் மற்ற இரண்டும் அதற்குக் குறையாது, கூட்டினால் 0 வரவே வராது. நேரத்தை மிச்சம் பிடிக்க மட்டும் இது.

1000 எண் உள்ள பட்டியலுக்கு மூன்று லூப் 166,167,000 தெரிவுகளைப் பார்க்கும் என்று முன்பு கண்டோம். இங்கே ஒவ்வொரு படியிலும் விரல் ஒன்றாவது நகர்கிறது, பின்னால் திரும்புவதில்லை. ஆகவே கூட்டிப் பார்க்கும் தடவைகள் ஐந்து லட்சத்துக்குள் முடிந்துவிடும். வரிசைப்படுத்தும் செலவு இதற்குப் பக்கத்தில் சிறியது.

## 10. ஓட்டிப் பார்க்க வேண்டிய மூன்று பட்டியல்

ஒரு பட்டியலில் சரியாக வந்தது என்று விடக் கூடாது. நான் மூன்றையும் ஓட்டச் சொல்வேன், ஒவ்வொன்றும் வேறு ஒரு பிழையைப் பிடிக்கும்.

முதலாவது நம் எட்டுத் துண்டு. மூன்று வரி வர வேண்டும். நான்கு வந்தால் பேனைத் தாண்டல் இல்லை. -1, -1, 2 இல்லாமல் இரண்டு வந்தால் `i + 1` ஓடு ஒப்பிட்டிருக்கிறார்கள். -4, 2, 2 இல்லையென்றால் இடது தாண்டலைக் கூட்டுவதற்கு முன்னால் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது `[-2, 0, 0, 2, 2]`. ஒரு வரிதான். இரண்டு வந்தால் இடது விரல் தாண்டவில்லை.

மூன்றாவது `[0, 0, 0, 0]`. ஒரு வரி, 0, 0, 0. இதில் ஒன்றுமே வராமல் வெற்றுப் பட்டியல் வந்தால் `i > 0` என்ற பகுதி விடுபட்டிருக்கிறது. பைதனில் `a[-1]` என்பது பிழையில்லை, கடைசி எண்ணைக் குறிக்கும். `i` 0 ஆக இருக்கும்போது `a[i - 1]` கடைசிப் பூச்சியத்தோடு ஒப்பிட்டு, "ஏற்கனவே பார்த்தது" என்று தாண்டிவிடும். அடுத்தடுத்த பூச்சியங்களும் தாண்டப்படும். மற்றப் பட்டியல்களில் முதல் எண்ணும் கடைசி எண்ணும் வேறு என்பதால் இந்தப் பிழை தலைகாட்டாது. எல்லா எண்ணும் சமமாக இருந்தால் மட்டும்தான் வெளியே வரும்.

இன்னொரு சின்ன விஷயம். `a = a.sort()` என்று எழுதினால் `a` க்குள் `None` போய்விடும், `len(a)` வரியில் `TypeError` வரும். `sort` பட்டியலை இருந்த இடத்திலேயே மாற்றும், எதையும் திருப்பித் தராது. `sorted` புதிய பட்டியலைத் தரும். பிள்ளைகள் பிழை `len` இல்தான் என்று அங்கேயே தேடிக்கொண்டிருப்பார்கள், ஒரு வரி மேலே பார்க்கச் சொல்லுங்கள்.

## 11. கணக்கு கொஞ்சம் மாறினால்

மூன்று எண்ணுக்குப் பதிலாக அவை இருந்த இடங்களைக் கேட்டால் இந்த வழி அப்படியே பொருந்தாது. வரிசைப்படுத்தியவுடன் பழைய இட எண்கள் போய்விடுகின்றன. 5 ஆம் படியில் துண்டுகளின் மூலையில் புதிதாக எழுதியபோதே அதை இழந்துவிட்டோம். எண்ணையும் பழைய இடத்தையும் சோடியாக வைத்து வரிசைப்படுத்தலாம். ஆனால் அந்தக் கேள்வியில் 1, 3, 4 உம் 1, 3, 7 உம் வேறு வேறு விடை என்று எதிர்பார்க்கப்படலாம். அப்படியானால் தாண்டல் இரண்டையும் எடுத்துவிட்டு, சம எண் கூட்டத்துக்குள் இருக்கும் எல்லாச் சேர்க்கையையும் எழுத வேண்டும். கேள்வி எண்களைக் கேட்கிறதா, இடங்களைக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனையை எடுக்க வேண்டும்.

கூட்டுத்தொகை 0 க்குப் பதிலாக 6 வர வேண்டும் என்று மாற்றிக் கொடுத்தால் தாண்டல் இரண்டும் அப்படியே நிற்கும், அவை தொகையைப் பற்றியவை அல்ல. `s` ஐ 6 ஓடு ஒப்பிட்டால் போதும். ஆனால் `a[i] > 0` என்ற வரியை மாற்ற மறந்து அப்படியே வைத்திருந்தால் `[1, 2, 3]` இல் பேனை முதல் எண்ணிலேயே நின்றுவிடும், 1, 2, 3 வராது. அதை `3 * a[i] > 6` என்று மாற்றுங்கள், அல்லது அந்த வரியையே எடுத்துவிடுங்கள். நான் இதை எழுதிக் கொடுக்காமல் வீட்டுவேலையாகக் கொடுத்து, விடை காணாமல் போனதை அவர்களே கண்டுபிடித்து வரச் சொல்வேன்.